மன்ஹாட்டனை எழுப்பிப் பார்ப்போம்

நியூயார்க் மாநகராட்சி தன் கட்டடங்களின் தரைவரைவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் ஒரு கட்டடத்தின் வெளிவிளிம்பு எப்படித் தெரியுமோ, அந்தக் கோடுதான் தரைவரைவு. நகரம் முழுவதற்கும் இப்படிப் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு. அதில் நமக்கு வேண்டியது `height_roof` என்ற கட்டம்: கூரை தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்ற ஒரே ஒரு எண்.

தட்டையான கோட்டை அந்த எண்ணின் அளவுக்கு நேராக மேலே இழுத்தால் கட்டடம் எழுந்து நிற்கும். முறுக்கு அச்சில் மாவைப் பிழிவதைப் போன்றதுதான் இது. அச்சில் என்ன ஓட்டையோ, அதே வடிவம்தான் அடி முதல் நுனி வரை வரும். இந்த முறையின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன.

செய்து பார்க்க QGIS என்ற இலவச மென்பொருள் போதும். தரைவரைவு அடுக்கின் பண்புகளில் `3D View` பகுதிக்குப் போனால் `Extrusion` என்று ஓர் இடம் இருக்கும். அங்கே நிலையான எண்ணுக்குப் பதிலாக இந்தச் சூத்திரத்தைக் கொடுக்க வேண்டும்:

```
"height_roof" * 0.3048
```

0.3048 என்பது அடியை மீட்டராக்கும் எண். வரைபடம் மீட்டரில் அளக்கும் ஆயமுறையில் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் சரி. மன்ஹாட்டனுக்கு `EPSG:32618` பொருந்தும். நியூயார்க்கில் பலர் பயன்படுத்தும் `EPSG:2263` அடியிலேயே அளப்பது, அதில் பெருக்கவே கூடாது. அலகு தவறினால் கணினி எச்சரிக்காது, படம் அழகாகவே வரும். அதனால் உயரம் தெரிந்த ஒரு கட்டடத்தை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரை உயரம் 1,250 அடி, அதாவது 381 மீட்டர். பெருக்க மறந்தால் அது 1,250 மீட்டருக்கு எழும்பி, 828 மீட்டர் உள்ள துபாயின் புர்ஜ் கலீஃபாவையே மிஞ்சிவிடும்.

உயரம் பதிவாகாத வரைவுகள் எழும்பாமல் தரையோடு கிடக்கும். அவற்றுக்குச் சராசரி உயரம் ஒன்றைப் போட்டு மறைப்பதைவிட, வேறு நிறம் கொடுத்து அப்படியே காட்டுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

இனி வடிவத்துக்கு வருவோம். 1902-இல் எழுந்த ஃபிளாட்அயர்ன் கட்டடம் முக்கோண மனையில் 285 அடிக்கு நேராக உயர்ந்து நிற்பது. அதன் வரைவை மேலே இழுத்தால் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். எம்பயர் ஸ்டேட்டுக்கும் அதையே செய்தால், ஐந்தாம் அவென்யூவில் 33-ஆம் தெருவிலிருந்து 34-ஆம் தெரு வரை அடைத்துக்கொண்டு 381 மீட்டருக்கு ஒரு மொட்டைப் பெட்டி நிற்கும். அந்த அகலம் உண்மையில் முதல் ஐந்து தளங்களுக்கு மட்டுமே உரியது. அதற்கு மேல் கட்டடம் நன்றாக உள்வாங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் நகரின் 1916 மண்டலச் சட்டம். உயர்ந்த கட்டடங்கள் தெருவின் வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடாமலிருக்க, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் அவை பின்வாங்கியே ஆக வேண்டும் என்றது அது. மனையின் கால் பங்குப் பரப்புக்குள் அடங்கும் கோபுரம் மட்டும் எவ்வளவு உயரமும் போகலாம். அந்தக் காலத்து மன்ஹாட்டன் கட்டடங்கள் படிப்படியாய் ஒடுங்குவது இதனால்தான். வெளிச்சத்துக்காகச் சட்டம் வெட்டி எடுத்த அந்த வெற்றிடத்தையெல்லாம் நம் பெட்டி மறுபடி அடைத்துவிடுகிறது. இந்தப் படத்தை நம்பித் தெருவில் விழும் நிழலைக் கணக்கிட்டால், நிழல் இருக்க வேண்டியதைவிட அகலமாக வரும். உயரங்களை ஒப்பிடவும், நகரின் எந்தப் பகுதி நெருக்கமாக எழுந்திருக்கிறது என்று பார்க்கவும் பெட்டிகளே போதும்.

நிழல்தான் வேண்டுமென்றால் வரைவைத் துண்டாக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் செய்வது அதுதான்: `building:part` என்ற பெயரில் ஒவ்வொரு படியையும் தனி வரைவாக வரைந்து, அது தொடங்கும் உயரத்தை `min_height` என்றும், முடியும் உயரத்தை `height` என்றும் குறிக்கிறார்கள். இரண்டும் தரையிலிருந்து அளந்தவை. அடித்தளப் பகுதி 20 மீட்டரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கோபுரம் 20-இல் தொடங்கி 381-இல் முடிய வேண்டும். QGIS-இல் அடிமட்ட உயரமாக 20-ஐக் கொடுத்தபின், இழுக்க வேண்டியது 361 மட்டுமே:

```
"height" - "min_height"
```

கழிக்காமல் 381-ஐ அப்படியே போட்டால் கோபுரத்தின் உச்சி 401-இல் போய் நிற்கும். படத்தில் இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். உச்சியின் உயரத்தைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டால்தான் தெரியவரும்.