பைத்தானில் கண்ணிச் சமன்பாடுகளைத் தீர்த்தலும் எச்சத்தைச் சரிபார்த்தலும்

கண்ணிச் சமன்பாடுகள் என்பவை, ஒரு மின்சுற்றின் ஒவ்வொரு மூடிய கண்ணிக்கும் கிர்க்காஃப் மின்னழுத்த விதியைப் பொருத்தி எழுதப்படும் நேரியல் சமன்பாடுகள் ஆகும். இரண்டு கண்ணிகள் மட்டும் இருந்தால் கையாலேயே தீர்த்துவிடலாம். மூன்றும் அதற்கு மேலும் வரும்போது, சமன்பாடுகளை அணி வடிவில் எழுதிக் கணினியிடம் கொடுப்பது வழக்கம். கணினி தந்த விடையை மீண்டும் சமன்பாடுகளில் இட்டுப் பார்க்கும்போது மிஞ்சும் வேறுபாடே எச்சம். இக்கட்டுரை மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சுற்றைப் பைத்தானில் தீர்த்து, எச்சம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை விளக்குகிறது.

எடுத்துக்காட்டுச் சுற்று

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கு அருகிலுள்ள சேவூர் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரே மின் அளவியிலிருந்து வரிசையாக மூன்று தறிக்கூடங்களுக்குக் கம்பி இழுக்கப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். அளவியிலிருந்து முதல் கூடத்துக்கும், அங்கிருந்து இரண்டாவதற்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் ஏறத்தாழ 20 மீட்டர் தூரம். கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அத்தகைய கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு பகுதிக்கும் ஏறத்தாழ 0.5 ஓம் தடை வரும்.

கூடங்களில் விளக்குகள், இஸ்திரிப் பெட்டி, நீர் சூடேற்றி போன்ற தடைச் சுமைகள் மட்டும் இயங்குகின்றன என்று கொள்வோம். அவற்றின் தடைகள் முறையே 46, 92, 57.5 ஓம். வழங்கு மின்னழுத்தம் 230 வோல்ட். நாம் அறிய விரும்புவது ஒன்றுதான்: கடைசிக் கூடத்துக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேரும்?

சமன்பாடுகளை எழுதுதல்

சுற்றில் மூன்று கண்ணிகள் உள்ளன. மூன்றிலும் மின்னோட்டம் வலஞ்சுழியாகப் பாய்வதாகக் கொண்டு I₁, I₂, I₃ எனக் குறிப்போம். முதல் கண்ணியில் 0.5 ஓம் கம்பியும் 46 ஓம் சுமையும் உள்ளன. 46 ஓம் சுமை இரண்டாம் கண்ணிக்கும் பொதுவானது. எனவே அதன் வழியே செல்லும் உண்மையான மின்னோட்டம் I₁ − I₂ ஆகும். இவ்வாறே மற்றவற்றையும் எழுதினால் கிடைப்பவை:

46.5 I₁ − 46 I₂ = 230

−46 I₁ + 138.5 I₂ − 92 I₃ = 0

−92 I₂ + 150 I₃ = 0

மூலைவிட்டத்தில் வரும் எண் அந்தக் கண்ணியிலுள்ள எல்லாத் தடைகளின் கூட்டுத்தொகை. எடுத்துக்காட்டாக, 138.5 என்பது 46 + 0.5 + 92. மூலைவிட்டத்துக்கு வெளியே வருவது இரு கண்ணிகளுக்கும் பொதுவான தடை, எதிர்க்குறியுடன். தடைகளும் மின்னழுத்த மூலங்களும் மட்டும் உள்ள சுற்றில், எல்லாக் கண்ணி மின்னோட்டங்களையும் ஒரே திசையில் கொண்டால், இந்த அணி சமச்சீராக இருக்கும். அப்படி இல்லையென்றால் தட்டச்சுப் பிழை ஏதோ உள்ளது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

பைத்தான் நிரல்

```python
import numpy as np

R = np.array([[ 46.5, -46.0,   0.0],
              [-46.0, 138.5, -92.0],
              [  0.0, -92.0, 150.0]])
V = np.array([230.0, 0.0, 0.0])

I = np.linalg.solve(R, V)
r = V - R @ I
print(I)
print(r)
```

`np.linalg.solve` அணியின் நேர்மாறைக் கணக்கிடுவதில்லை. அணியைக் கீழ்முக்கோணம், மேல்முக்கோணம் என இரண்டாகப் பிரித்து, தேவையான இடத்தில் வரிசைகளை இடம்மாற்றித் தீர்க்கிறது. `np.linalg.inv(R) @ V` என எழுதினாலும் விடை வரும். ஆனால் அதற்கு வேலை அதிகம், துல்லியமும் பொதுவாகக் குறைவு.

கிடைக்கும் விடை I₁ = 11.1014, I₂ = 6.2220, I₃ = 3.8162 ஆம்பியர். கடைசிக் கூடத்தின் மின்னழுத்தம் 57.5 × 3.8162 = 219.43 வோல்ட். அதாவது வழியிலேயே 10 வோல்ட்டுக்கு மேல் இழக்கப்படுகிறது.

எச்சத்தைப் படிக்கும் முறை

எச்சம் r = V − R I. சமன்பாடுகள் மின்னழுத்தத்தைப் பற்றியவை என்பதால் எச்சத்தின் அலகு வோல்ட், ஆம்பியர் அன்று. ஒவ்வொரு கண்ணியையும் சுற்றி வரும்போது எத்தனை வோல்ட் கணக்கில் இடிக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

மேலுள்ள நிரலில் எச்சம் 10⁻¹³ வோல்ட் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும்; சில வரிகளில் சரியாகச் சுழியமாகவும் இருக்கலாம். இதற்குக் காரணம் கணினி எண்களைச் சேமிக்கும் விதம். இரட்டைத் துல்லிய எண்கள் ஏறத்தாழ 16 இலக்கங்களையே தாங்கும். முதல் சமன்பாட்டில் 46.5 × 11.1 ≈ 516 என்ற உறுப்பு வருகிறது. 516-க்கு அருகில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளியே 1.1 × 10⁻¹³ தான். அதற்கும் நுணுக்கமாகச் சரியாக இருக்கும்படி கணினியிடம் கேட்க முடியாது.

இதே விடையை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி 11.10, 6.22, 3.82 என எழுதி எச்சம் கண்டால் −0.03, 0.57, −0.76 வோல்ட் வருகிறது. மின்னோட்டத்தில் உள்ள பிழையோ 0.004 ஆம்பியரைத் தாண்டவில்லை. அச்சிட்ட விடையைக் கையால் எடுத்து இட்டுப் பார்க்கும் மாணவர், எச்சம் முக்கால் வோல்ட் வருவதைக் கண்டு தீர்வே தவறு என்று நினைக்கத் தேவையில்லை. எச்சத்தை எப்போதும் `I` என்ற முழுத் துல்லிய மாறியைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

எவ்வளவு எச்சம் சிறியது?

10⁻¹² என்பது போல நிலையான ஒரு வரம்பை வைத்துக்கொள்வது சரியன்று. முதல் இரண்டு கூடங்களிலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாகக் கொள்வோம். அங்கே சுமைக்குப் பதிலாக 10 மெகா ஓம் தடை உள்ளதாக எழுதினால், அணியின் உறுப்புகள் 10⁷ அளவுக்குப் போகின்றன. மின்னோட்டம் சுமார் 3.9 ஆம்பியர். சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பும் 3.9 × 10⁷ வோல்ட் அளவில் இருக்கும். அந்த அளவில் அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 7 × 10⁻⁹. ஆகவே எச்சம் 10⁻⁸ வோல்ட் வந்தாலும் அது நல்ல தீர்வே.

இதனால் எச்சத்தை அணியின் அளவோடும் விடையின் அளவோடும் ஒப்பிட வேண்டும்:

```python
eta = np.linalg.norm(r) / (np.linalg.norm(R, 2) * np.linalg.norm(I))
k = np.linalg.cond(R)
print(eta, k, eta * k)
```

`eta` என்பது சார்பு எச்சம். இது 10⁻¹⁶ அளவில் இருந்தால் தீர்க்கும் வேலை ஒழுங்காக நடந்துள்ளது. `k` என்பது அணியின் நிலைமை எண். எச்சத்திலுள்ள சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு வரை பெருகக்கூடும் என்று அது சொல்கிறது. `eta * k` விடையின் சார்புப் பிழைக்கு மேல்வரம்பு.

நமது சுற்றின் நிலைமை எண் சுமார் 18. கவலைக்கு இடமில்லை. இரண்டு கூடங்களை அணைத்த சுற்றுக்கு அது சுமார் 15 லட்சம். 16 இலக்கங்களில் ஏறத்தாழ 6 இலக்கங்கள் வரை நம்பகம் இழக்கக்கூடும். மீதி 10 இலக்கங்கள் போதுமானவை. ஆனால் இங்கே I₁, I₂ இரண்டும் ஏறத்தாழச் சமம். முதல் கூடத்தின் மின்னோட்டமான I₁ − I₂, வெறும் 23 மைக்ரோ ஆம்பியர். இரண்டு பெரிய எண்களைக் கழித்து அதைப் பெறுவதால், அதில் நம்பத்தக்க இலக்கங்கள் இன்னும் குறைவாகவே இருக்கும்.

எச்சம் காட்டாத பிழை

எச்சம் சுழியத்தை ஒட்டியிருப்பது, நாம் எழுதிய சமன்பாடு சரியாகத் தீர்க்கப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. எழுதிய சமன்பாடு சுற்றுக்கு உரியதுதானா என்பது எச்சத்துக்குத் தெரியாது.

இரண்டாம் கண்ணியில் கம்பியின் 0.5 ஓமைச் சேர்க்க மறந்து 138.5-க்குப் பதிலாக 138 என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். அணி சமச்சீராகவே இருக்கிறது. எச்சம் முன்போலவே மிகச் சிறியது. விடை 11.1867, 6.3083, 3.8691 ஆம்பியர். கடைசிக் கூடத்துக்கு 222.47 வோல்ட் வருகிறது. பார்த்தால் நம்பும்படியான எண்தான். ஆனால் 3 வோல்ட் தவறு. கம்பியைத் தடிமனாக்க வேண்டுமா என்று முடிவு செய்பவரை அது தவறான பக்கம் தள்ளக்கூடும்.

இத்தகைய பிழையைப் பிடிக்க, அணியிலிருந்து வராத ஒரு சோதனை வேண்டும். மூலம் தரும் திறன், எல்லாத் தடைகளிலும் செலவாகும் திறனுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது அப்படிப்பட்டது. இதற்குத் தடைகளின் பட்டியலை, சுற்றுப் படத்தைப் பார்த்துத் தனியாக எழுத வேண்டும்:

```python
Rb = np.array([0.5, 0.5, 0.5, 46.0, 92.0, 57.5])
b = np.array([I[0], I[1], I[2], I[0]-I[1], I[1]-I[2], I[2]])
print(230.0 * I[0], np.sum(Rb * b**2))
```

சரியான அணிக்கு இரண்டு எண்களும் 2553.31 வாட். பிழையான அணிக்கு மூலத்தின் திறன் 2572.94, செலவு 2592.83 வாட். வேறுபாடு 19.9 வாட். விடுபட்ட தடையில் செலவாகும் திறனைக் கணக்கிட்டால் 0.5 × 6.3083² = 19.9 வாட். ஒரே ஒரு தடை விடுபட்டிருந்தால், வேறுபாட்டின் அளவே எந்தத் தடை விடுபட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கம்பியின் தடையையே தவறாக அளந்து, அணியிலும் பட்டியலிலும் அதே எண்ணை எழுதினால் எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. அதற்கு மூன்றாவது கூடத்தில் வோல்ட்மானியை வைத்துப் பார்ப்பதே வழி.

பிற குறிப்புகள்

* ஒரு கண்ணியின் சமன்பாடு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக அமைந்துவிட்டால் தனித்த விடை கிடையாது. அப்போது `LinAlgError: Singular matrix` என்ற செய்தி வரும். சில வேளைகளில் எண்களின் தோராயத்தால் இச்செய்தி வராமல் பொருளற்ற பெரிய விடை வரலாம். நிலைமை எண் 10¹⁵-ஐ ஒட்டி இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.
* மோட்டார் போன்ற சுமைகள் இருந்தால் தடைக்குப் பதிலாக மறிப்பை எழுத வேண்டும். `46 + 20j` போன்ற கலப்பெண்களையும் `np.linalg.solve` ஏற்கும். எச்சச் சோதனை மாறாது. திறன் சோதனையில் மட்டும் `b**2` என்பதற்குப் பதிலாக `abs(b)**2` எழுத வேண்டும். மூலத்தின் திறனுக்கு `230.0 * np.conj(I[0])` என்று எழுத வேண்டும்.