கடைசி இரண்டு விடைகள்

பத்து பெரண்டாம் வட்டாரத்தில் எஸ்.பி.எம். உயிரியல் எழுதவிருக்கும் பிள்ளை, இப்படி ஒரு கேள்வியில் திகைத்து நிற்கலாம்: தமனியைப் பற்றிய சரியான கூற்று எது?

ஏ: அதன் சுவர் மெல்லியது. பி: அதன் நெடுகிலும் வால்வுகள் உண்டு. சி: அது எப்போதும் பிராணவாயு மிகுந்த இரத்தத்தையே கொண்டு செல்லும். டி: அது பெரும்பாலும் அத்தகைய இரத்தத்தைக் கொண்டு செல்லும்.

முதலிரண்டில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மெல்லிய சுவரும் நெடுகிலும் வால்வும் சிரைக்கு உரியவை. உடனே பென்சிலால் அடித்துவிடலாம்.

மிஞ்சிய இரண்டில் வேறுபாடு ஒரே சொல்தான். மலாய்த் தாளில் அது ‘செந்தியாசா’, ‘பியாசாஞா’ என்று வரும். இங்கே கேட்க வேண்டியது: இதற்கு ஒரு விதிவிலக்காவது உண்டா? உண்டு. இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் பிராணவாயு குறைந்த இரத்தமே ஓடுகிறது. ஒன்று அகப்பட்டதும் ‘எப்போதும்’ விழுந்தது. விடை டி.

ஆனால் ‘எப்போதும்’ என்று கண்டாலே அடித்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது ஆபத்து. ‘தமனி எப்போதும் இரத்தத்தை இதயத்திலிருந்து வெளியே கொண்டு செல்லும்’ என்று வந்தால் அதுவே சரி. அப்படிக் கொண்டு செல்லும் குழாய்க்குத்தான் தமனி என்று பெயர்; பிறகு விதிவிலக்கு எங்கிருந்து வரும்? அங்கே ‘பெரும்பாலும்’ என்பதுதான் பிழை.

வீட்டில் பெற்றோருக்குப் பாடம் தெரியாவிட்டாலும், “விதிவிலக்கு ஒன்று சொல், ஐயா” என்று கேட்கலாம். பிள்ளை பெயர் சொல்லி ஒன்றைக் காட்டினால்தான் ‘எப்போதும்’ அடிபட வேண்டும்.