வட்டியில் பத்து சதவீதம் பிடிப்பதற்கு முன்

வங்கியில் டெபாசிட் போட்டிருப்பவர்களின் பாஸ்புக்கில், வட்டி வரவு வைத்த வரிக்குக் கீழேயே சில சமயம் ஒரு பற்று விழுந்திருக்கும். பக்கத்தில் டி.டி.எஸ். என்று அச்சாகியிருக்கும். “எனக்கு வருமானமே அவ்வளவுதான். எனக்கு எதற்கு வரி பிடித்தீர்கள்?” என்று கவுண்டரில் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. “15ஜி கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டோம்மா” என்பதுதான் அநேகமாகக் கிடைக்கும் பதில். இரண்டு பக்கமும் சொல்வது நியாயம்தான்.

உங்களுடைய மொத்த வருமானம் என்ன என்பது வங்கிக்குத் தெரியாது. தான் கொடுக்கும் வட்டி எவ்வளவு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த வட்டி ஓர் அளவைத் தாண்டினால் பத்து சதவீதத்தைப் பிடித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். 2025-26 நிதியாண்டில் அந்த அளவு, 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். 60 வயது நிறைந்தவர்களுக்கு ஒரு லட்சம். இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் எல்லாம் அந்த நிதியாண்டுக்கானவை. தபால் நிலைய டெபாசிட்டுக்கும் இதே அளவுதான். சேமிப்புக் கணக்கில் வரும் வட்டிக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. ஃபிக்சட் டெபாசிட்டுக்கும் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.க்கும் உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கும் 56 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் வழியாக வந்த நிலத்தை விற்ற பணத்தில் ஒன்பது லட்சத்தை ஒரு வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறார். ஆண்டுக்கு 63,000 ரூபாய் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15,750 கணக்கில் வர வேண்டும். ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டும் என்று வங்கியின் கணினிக்கு முதலிலேயே தெரியும் என்பதால், முதல் காலாண்டிலேயே 1,575 ரூபாயைப் பிடித்துவிடும். கைக்கு வருவது 14,175. ஆண்டு முடிவில் போனது 6,300 ரூபாய்.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் உள்ள 13,000 ரூபாய்க்கு மட்டும்தானே பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அளவைத் தாண்டிவிட்டால் மொத்த வட்டிக்கும் பத்து சதவீதம். பான் எண் கொடுக்காதவர்களுக்கும், ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்து போனவர்களுக்கும் அது இருபது சதவீதம்.

வட்டியைக் கையில் வாங்காமல் முதிர்வு வரை சேர விடும் டெபாசிட்டாக இருந்தாலும் பிடித்தம் நிற்காது. ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கு அந்தந்த ஆண்டே வரி பிடிக்கப்படும். ஐந்து வருடம் கழித்து ரசீதில் போட்டிருந்த முதிர்வுத் தொகையைவிடக் குறைவாக வருகிறதே என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் இதுதான் காரணம்.

நம் தையல்காரர் கடையில் வருடத்துக்கு 1,20,000 ரூபாய் சம்பாதிக்கிறார். இன்னொரு வங்கியில் இரண்டு லட்சம் போட்டதில் 14,000 ரூபாய் வட்டி வருகிறது. சேமிப்புக் கணக்கு வட்டி ஒரு 3,000. எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சம். புதிய வரித் திட்டத்தில் நான்கு லட்சம் வரைக்கும் வரியே இல்லை. அவர் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியவர் அல்ல. இதை வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பதுதான் படிவம் 15ஜி. 60 வயது ஆனவர்கள் கொடுப்பது படிவம் 15எச்.

படிவத்தில் பெயர், பான், முகவரியெல்லாம் எளிதாக எழுதிவிடலாம். தவறு நடப்பது தொகை எழுதும் இடங்களில். முதலில், எந்த வருமானத்துக்காக இந்தப் படிவம் என்று கேட்டிருக்கும். அங்கே அந்த வங்கியில் வரும் 63,000 ரூபாயை எழுத வேண்டும். அடுத்து, அந்த நிதியாண்டின் மொத்த வருமான மதிப்பீட்டைக் கேட்டிருக்கும். பலர் இங்கேயும் 63,000 என்றே எழுதிவிடுகிறார்கள். கடை வருமானம், மற்ற வங்கி வட்டி எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு லட்சம் என்று எழுதுவதே சரி. மூன்றாவதாக, அதே ஆண்டில் வேறு எங்காவது 15ஜி கொடுத்திருந்தால் எத்தனை, எவ்வளவு தொகைக்கு என்று கேட்டிருக்கும். இன்னொரு வங்கியின் 14,000 ரூபாய் அளவைத் தாண்டாததால் அங்கே படிவமே தேவையில்லை. ஆகவே இவருக்கு இந்த இடம் பூஜ்யம். இரண்டு வங்கிகளில் கொடுப்பவர்கள் இதை வெறுமனே விட்டுவிடக் கூடாது.

டெபாசிட் எண்ணையும் படிவத்தில் எழுத வேண்டும். அதனால் நடுவில் ஒரு டெபாசிட் முதிர்ந்து புது எண்ணில் புதுப்பிக்கப்பட்டாலோ, புதிதாக ஒன்றைத் தொடங்கினாலோ, அதற்கும் படிவம் வேண்டுமா என்று கிளையில் கேட்டுக்கொள்வது நல்லது. ஏப்ரலில் கொடுத்துவிட்டேனே என்று இருந்தவர்களுக்கு டிசம்பரில் பிடித்தம் நடப்பது இப்படித்தான். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நெட் பேங்கிங்கிலோ செயலியிலோ கொடுத்தால், ஏற்கப்பட்டதற்கான எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் கொடுக்கலாம் என்பதில்தான் குழப்பம் அதிகம். பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்தார்களே, அப்படியானால் எல்லோரும் கொடுக்கலாமே என்று கேட்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு லட்சம் ஒரு தள்ளுபடியால் வருவது. நான்கு லட்சத்துக்கு மேல் வரி கணக்கிடப்படும். பிறகு அது முழுவதும் தள்ளுபடி ஆகும். 15ஜி கொடுப்பவருக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மொத்த வருமானத்துக்கு வரி ஏதும் வரக் கூடாது. அதோடு, இப்படி வரும் வட்டி வருமானமே நான்கு லட்சத்தைத் தாண்டக் கூடாது. 50 வயதான ஒருவருக்கு டெபாசிட் வட்டி மட்டும் 4,80,000 ரூபாய் வருகிறது என்றால், தள்ளுபடியால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான். ஆனாலும் அவர் 15ஜி கொடுக்க முடியாது. 48,000 ரூபாய் பிடிக்கப்படும். ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும்.

60 வயது ஆனவருக்கு அந்த இரண்டாவது நிபந்தனை இல்லை. தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால் போதும். அதே 4,80,000 ரூபாய் வட்டி பெறும் 64 வயதுக்காரர் தாராளமாக 15எச் கொடுக்கலாம். நிதியாண்டுக்குள் எந்தத் தேதியில் 60 நிறைந்தாலும் அந்த ஆண்டுக்கு அவர் மூத்த குடிமகன்தான். நான்கு லட்சத்துக்கு மேல் வட்டி வாங்கும் பெரியவர்கள் பலர், தங்களுக்கு இந்த வசதி இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆண்டுதோறும் ரீஃபண்டுக்குக் காத்திருக்கிறார்கள். அது தேவையில்லாத காத்திருப்பு. வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கிடப்படுபவர்கள் மட்டும் எந்த வயதிலும் இந்தப் படிவங்களைக் கொடுக்க முடியாது.

நம் வீடுகளில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கணவர் தன் சம்பளப் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போடுகிறார். மனைவிக்கு வேறு வருமானம் இல்லை என்பதால் 15ஜி கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கிறார்கள். சட்டப்படி அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்க்க வேண்டியது. “இந்த வருமானம் வேறு யாருடைய வருமானத்திலும் சேர்க்கப்பட வேண்டியதல்ல” என்ற பொருளில் ஒரு வாசகம் 15ஜியிலேயே இருக்கிறது. படிக்காமல் அதன் கீழே மனைவி கையெழுத்துப் போடும்போது, தெரியாமலே பொய் உறுதிமொழி கொடுத்தவராகிவிடுகிறார். தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு வருமான வரிச் சட்டத்தின் 277ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. மனைவியின் சொந்தச் சம்பாத்தியத்திலோ, தாய்வீட்டுச் சொத்திலோ வந்த பணம் என்றால் பிரச்சினை இல்லை.

படிவத்தைக் கொடுக்கத் தவறி, பணம் பிடிபட்டுவிட்டால் என்ன வழி? வங்கி அரசுக்குக் கட்டிய தொகையை வங்கியிடமிருந்து திரும்பப் பெற முடியாது. அக்டோபரில் கொடுக்கும் படிவம் அதற்குப் பிந்தைய பிடித்தத்தைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே போன பணம் வரித் துறையில் உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும். incometax.gov.in தளத்தில் நுழைந்து 26ஏஎஸ் என்ற பட்டியலைப் பார்த்தால், எந்த வங்கி எவ்வளவு பிடித்துக் கட்டியது என்று தெரியும். நிதியாண்டு முடிந்த பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்து, அந்தத் தொகையை அதில் காட்டினால், வரி போக மீதி உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போன்ற ஏதாவது ஒரு வழியில் அதைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதால் ரீஃபண்ட் வராமல் போனவர்கள் ஏராளம்.

தொகையைப் பல வங்கிகளில் பிரித்துப் போட்டால் எங்கேயும் பிடிக்க மாட்டார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். பிடித்தத்துக்கான அளவு வங்கிவாரியாகப் பார்க்கப்படுகிறது. ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளும் சேர்த்து ஒன்று. ஆனால் பிடித்தம் வேறு, வரி வேறு. எங்கேயும் பிடிக்காவிட்டாலும் எல்லா வட்டியும் உங்கள் வருமானக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. எனவே பழைய படிவத்தின் நகலை எடுத்துப் போகாமல், அந்தந்த ஆண்டுக்கான படிவத்தை வங்கியிலேயே கேட்டு வாங்குங்கள்.

இந்தப் படிவம் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வோர் ஏப்ரலிலும், முதல் காலாண்டு வட்டி வரவாகும் முன், டெபாசிட் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், இந்த வேலையை அவர்களுக்காக நீங்கள் செய்து கொடுங்கள்.