எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா?

'இனி உங்கள் பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் தானாகவே எஸ்எம்எஸ் வரும். கைபேசி எண் மாறியிருந்தால் அலுவலகத்தில் தெரிவிக்கவும்.' டைரியில் ஒட்டி வரும் இந்தச் சுற்றறிக்கையின் முதல் வரியைப் படித்ததுமே பலர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோருக்கு வேலை வைத்திருப்பது இரண்டாம் வரிதான்.

முதல் பாடவேளையில் வகுப்பாசிரியர் செயலியில் வருகைப் பதிவு போடுகிறார். பள்ளி முடிவு செய்த நேரத்தில், பத்து மணி என்று வைத்துக்கொள்வோம், வராதவர்களின் பட்டியலை மென்பொருள் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள எண்ணுக்குச் செய்தி அனுப்புகிறது. ஆக, பதிவு போடுவது மனிதக் கைதான். பஸ் பழுதாகி 9.40க்கு வந்த பிள்ளையின் பெயரை ஆசிரியர் திருத்த மறந்தால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் 'வரவில்லை' என்று செய்தி போகும். அதனால் செய்தி வந்ததும் பதறாமல் முதலில் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

வரும் செய்தி மொட்டையாக இருக்கும். 'தங்கள் மகள் கவிதா இன்று பள்ளிக்கு வரவில்லை.' அவ்வளவுதான். ஏன் இந்தச் சிக்கனம்? ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'பள்ளிக்கு' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கைபேசிக்கு ஒன்பது. மேலே உள்ள சின்ன வாக்கியமே இடைவெளிகளோடு 43 இடத்தைத் தின்றுவிடுகிறது. வகுப்பு, தேதி, பள்ளிப் பெயர் என்று சேர்த்து 70ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். வாசகத்தைப் பள்ளி நினைத்தபடி மாற்றவும் முடியாது. டிராய் விதிப்படி முன்கூட்டியே பதிவு செய்த வாசகத்தில் பெயர் போன்ற இடங்கள் மட்டுமே மாறலாம். அனுப்புநராகப் பத்து இலக்க எண் வராது. பதிவு செய்த எழுத்துப் பெயர் வரும், கடைசியில் -S அல்லது அரசுச் செய்தியானால் -G இருக்கும். சாதாரண எண்ணிலிருந்து 'பிள்ளை வரவில்லை, இந்த லிங்க்கை அழுத்தவும்' என்று வந்தால் அதைத் தொடாதீர்கள்.

இனி அந்த இரண்டாம் வரி. செய்தி வராததை 'பிள்ளை பத்திரமாகப் பள்ளியில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். அட்மிஷன் படிவத்தில் எழுதிய எண் பழையதென்றால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போகலாம். அதன்பின் உங்கள் மகள் பள்ளிக்கு வராத செய்தி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். பள்ளியின் கணினியோ 'செய்தி சேர்ந்தது' என்றே காட்டும். தவறு வெளியே தெரிய வழியில்லை.

எண்ணை மாற்றப் பெற்றோர் நேரில் வர வேண்டும் என்று சில பள்ளிகள் சொல்வது பலருக்கு எரிச்சல். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. போனில் சொன்னாலே மாற்றலாம் என்றால், பதினொன்றாம் வகுப்புப் பையன் அப்பா குரலில் பேசி நண்பனின் எண்ணைக் கொடுத்துவிடுவான். மாணவர் பெயர், வகுப்பு, சேர்க்கை எண், பழைய எண், புதிய எண் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு போனால் வேலை சுருக்கமாக முடியும். புதிய எண்ணுள்ள கைபேசியையும் கையோடு கொண்டு போங்கள். ஓடிபி கேட்டால் அங்கேயே சொல்லலாம். அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது போனில் ஓடிபி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அண்ணன், தங்கை ஒரே பள்ளியில் படித்தாலும் பதிவு தனித்தனி. ஒருவருக்கு மாற்றினால் மற்றவருக்கு மாறிவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். ஆதாரில் எண்ணை மாற்றியிருந்தாலும் பள்ளிப் பதிவேடு தானாக மாறாது. தமிழக அரசின் எமிஸ் தளத்தில் உள்ள எண்ணும் பள்ளியின் சொந்த மென்பொருளில் உள்ள எண்ணும் வேறாக இருக்கலாம். எந்த எண்ணுக்குச் செய்தி போகும் என்றும் கேளுங்கள். பகலில் கைபேசி யாரிடம் இருக்கிறதோ அவர் எண்ணைக் கொடுப்பதே நல்லது. வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவரின் எண்ணால் பயனில்லை.

மாற்றியபின் ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் ஸ்மார்ட்போனில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். பட்டன் போனில் இன்பாக்ஸ் நிறைந்திருந்தால் பழைய செய்திகளை அழியுங்கள். தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் அந்த போனில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் அனுப்ப முடியுமா என்று பள்ளியில் கேட்கலாம்.