கொழுப்பில் ஓடும் இதயம்

இதயத் தசை கையில் வைத்திருக்கும் ஏடிபி பத்து நொடி அளவுக்குத்தான் வரும். துடிப்பதற்குத் தேவையான இந்த ஆற்றல் மூலக்கூறை அது இடைவிடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் அப்படிச் செய்து செலவழிப்பதைக் கூட்டினால் பல கிலோ தேறும்.

இதற்கான எரிபொருளில் பெரும்பங்கு கொழுப்பு அமிலம். சர்க்கரைதான் உடலின் எரிபொருள் என்று பழகிப்போன நமக்கு இது வியப்பாக இருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெறும் வயிற்றில் இருந்த 110 பேரிடம் இதயத்துக்குள் போகும் ரத்தத்தையும் அதிலிருந்து வெளியேறும் ரத்தத்தையும் ஒப்பிட்டு, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயம் குளுக்கோஸை ஏறக்குறைய தொடவே இல்லை. சாப்பிட்டு இன்சுலின் ஏறும்போது நிலைமை மாறும். அப்போது குளுக்கோஸ் பக்கம் இதயம் சாயும்.

கொழுப்பில் ஒரு குறை உண்டு. பால்மிடிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். கிடைப்பது சுமார் 106 ஏடிபி. குளுக்கோஸுக்கு 6 ஆக்சிஜன் போதும். கிடைப்பது சுமார் 31. ஓர் ஆக்சிஜனுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: கொழுப்புக்கு 4.6, குளுக்கோஸுக்கு 5.2. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்வரை இந்த வித்தியாசம் உறைப்பதில்லை.

ரத்தக்குழாய் அடைபட்டால் உறைக்கும். ஆக்சிஜன் வராதபோது கொழுப்பை எரிக்கவே முடியாது. குளுக்கோஸைப் பாதிவரை உடைத்து இரண்டே ஏடிபி எடுக்கிறது தசை. மிச்சம் லாக்டிக் அமிலமாகிறது. கழுவிச் செல்ல ரத்தமும் இல்லாததால் அமிலம் செல்லுக்குள்ளேயே தேங்குகிறது. அதை வெளியே தள்ளும்போது சோடியம் உள்ளே வருகிறது. சோடியத்தை அகற்றப் போய்க் கால்சியம் குவிகிறது. ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கிய பிறகும் சிக்கல் உடனே தீராது. கொழுப்பை எரிப்பது விரைவாக மீண்டு, குளுக்கோஸை முழுதாக எரிக்கும் வழியை மறிக்கிறது. பாதியில் நின்ற குளுக்கோஸ் மேலும் அமிலத்தைச் சேர்க்கிறது. நெஞ்சுவலிக்குத் தரப்படும் டிரைமெட்டாசிடின் மாத்திரை, கொழுப்பு எரியும் பாதையின் கடைசிப் படியைத் தடுத்துக் குளுக்கோஸுக்கு இடம்விடும் எண்ணத்தில் பயன்படுத்தப்படுவது.

இதயச் செயலிழப்பு மெதுவாக வரும் பஞ்சம். மைட்டோகாண்ட்ரியா நலிந்து, கொழுப்பு எரிவது குறைகிறது; ஏடிபி இருப்பும் இறங்குகிறது. அப்போது கல்லீரல் அனுப்பும் கீட்டோன்களை இதயம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அவை சில படிகளிலேயே எரியும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதே பென்சில்வேனியா ஆய்வில், செயலிழந்த இதயங்களின் எரிபொருளில் கீட்டோனின் பங்கு 16 சதவீதத்தைத் தாண்டியது. மற்றவர்களிடம் 6 சதவீதம்தான்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ஒரு கீட்டோனை நரம்புவழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் சுமார் 2 லிட்டர் கூடியது. அது சில மணி நேரச் சோதனை மட்டுமே.