மெல்லப் பூசுதல்: நாற்பதுகளின் முகமும் ரெட்டினாய்டும்

நாற்பது வயதைக் கடந்தவரின் முகத்தில் தெரியும் சோர்வு ஒரே காரணத்தால் வருவதன்று. கண்ணுக்குக் கீழே பை போலத் தொங்குவது அங்குள்ள கொழுப்பு முன்னே தள்ளப்படுவதால் நேர்கிறது. தாடையோரம் தளர்வதற்குத் தோலின் அடியிலுள்ள கொழுப்பும் எலும்பும் மாறுவது ஒரு காரணம். தூக்கமின்மை, இரத்தசோகை, தைராய்டுச் சுரப்பிக் குறைபாடு ஆகியனவும் முகத்தை வாடச் செய்யும். இவற்றை எந்தக் களிம்பும் சரிசெய்யாது. மெல்லிய கோடுகள், சொரசொரப்பு, திட்டுத்திட்டான நிறம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் பல்லாண்டு வெயிலின் விளைவுகள். ரெட்டினாய்டு பயன் தருவது இம்மூன்றுக்குத்தான்.

பெயரின் வேர் விழித்திரையைக் குறிக்கும் ரெட்டினா என்னும் சொல்லாகும். உயிர்ச்சத்து ஏ பார்வைக்கு இன்றியமையாதது. ஆதலின் அதன் வேதிப்பொருளுக்கு ரெட்டினால் என்று பெயர் அமைந்தது. அதன் உறவுப் பொருள்கள் யாவும் ரெட்டினாய்டுகள் எனப்படுகின்றன. அவற்றுள் வலிமை மிக்க ட்ரெட்டினோயின் முதலில் முகப்பருவுக்கே பயன்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிலிக்மன் அதனைப் பருவுக்கு வழங்கியபோது, நடுவயதுப் பெண்கள் சிலர் தம் முகம் மென்மையுற்றதாகக் கூறினர். அவரும் உடனாய்வாளர்களும் அதை முறையாக ஆராய்ந்து, வெயிலால் முதிர்ந்த தோலில் காணப்பட்ட மாற்றங்களை 1986 இல் வெளியிட்டனர்.

ட்ரெட்டினோயின் தோல் உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் ஏற்பியைப் பற்றி, மரபணுக்கள் சிலவற்றின் செயலை மாற்றுகிறது. அதனால் புறத்தோல் விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது. அகத்தோலில் கொலாஜன் என்னும் தாங்குபுரதம் மிகுதியாக உருவாகிறது. அதைச் சிதைக்கும் நொதிகள் அடங்குகின்றன. கடைகளில் கிடைக்கும் ரெட்டினால், தோலுக்குள் சென்ற பின் இரண்டு படிகளில் மாறியே இந்நிலையை அடைகிறது. ஆகவே அது மென்மையானது. பயன் தோன்றவும் அதற்குக் கூடுதல் காலம் வேண்டும்.

பயனைத் தரும் இதே செயல் தொல்லையையும் தருகிறது. புறத்தோல் விரைந்து புதுப்பிக்கப்படும் முதல் சில வாரங்களில், ஈரத்தைக் காக்கும் மேலடுக்கு தற்காலிகமாகத் தளர்கிறது. முகம் வறண்டு இறுகும். சிறு செதில்களாக உரியும். வெளிர்நிறத் தோலில் இதன் மிகுதி சிவப்பாகத் தோன்றி மறையும். நம்மில் பலருடைய பழுப்புத் தோலிலோ அழற்சி வேறு விலை கேட்கிறது. அழற்சியுற்ற இடத்தில் நிறமி உயிரணுக்கள் மெலனினை மிகுதியாகச் சுரக்கின்றன. எரிச்சல் ஒரு வாரத்தில் தணியலாம். அது விட்டுச்செல்லும் கருந்திட்டு பல மாதம் நிற்கும். திட்டுகளைப் போக்கப் பூசிய மருந்தே புதிய திட்டுகளை உண்டாக்கிவிடுகிறது. ஆகவே மெல்லத் தொடங்குவது நம்மவர்க்கு மருத்துவத்தின் பாதி எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆசிரியை ஒருவருக்கு வயது 44 என்று கொள்வோம். கண்ணோரத்தில் மெல்லிய கோடுகளும் கன்னங்களில் மங்கிய பழுப்புத் திட்டுகளும் உள்ளன. மருத்துவர் அவருக்கு 0.025 விழுக்காட்டு ட்ரெட்டினோயின் களிம்பை எழுதித் தருகிறார். அவர் வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு இரவுகளில் மட்டும் பூசத் தொடங்குகிறார். மென்மையான கழுவியால் முகம் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, இருபது நிமிடம் காத்திருக்கிறார். ஈரத்தோலில் மருந்து விரைந்து இறங்கி எரிச்சலைக் கூட்டக்கூடும். பிறகு மணமற்ற ஈரப்பதக் களிம்பை முகமெங்கும் தடவுகிறார். அதன்மேல் ஒரு பட்டாணி அளவு மருந்தை நெற்றி, கன்னங்கள், மூக்கு, முகவாய் என ஐந்து புள்ளிகளாக வைத்துப் பரப்புகிறார். முழு முகத்திற்கும் அவ்வளவே போதும். இமைகள், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் ஆகியவற்றைத் தவிர்க்கிறார். இறுதியில் மீண்டும் ஈரப்பதக் களிம்பு. இவ்வாறு இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைப்பதால் மருந்தின் வேகம் சற்றுக் குறையலாம்; தொடக்கத்தில் அதுவே நன்மை.

மூன்று வாரம் இடரின்றிக் கழிகிறது. உறவினர் திருமணம் நெருங்கவே, அவர் நாள்தோறும் பூசத் தொடங்குகிறார். நான்காம் நாள் காலை வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது. இதுவே எச்சரிக்கை. பழுப்புத் தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. தண்ணீரோ வியர்வையோ எரிப்பதும், ஓரிடம் சாம்பல் அல்லது ஊதா சாயலில் கருப்பதும்தான் நாம் நம்பத்தக்க அறிகுறிகள். இலேசான வறட்சியும் உரிதலும் ஈரப்பதக் களிம்பால் அடங்கினால் தொடரலாம். எரிச்சல் நீடித்தால் நிறுத்த வேண்டும். வீக்கமோ நீர்க்கசிவோ கண்டால் மருத்துவரைக் காண வேண்டும்.

ஆசிரியை மருந்தை நிறுத்தி, ஈரப்பதக் களிம்பை மட்டும் பூசுகிறார். எரிச்சல் முற்றிலும் நீங்கிய பின், மீண்டும் வாரத்தில் இரண்டு இரவுகளிலிருந்தே தொடங்குகிறார். நான்கு வாரம் தொல்லையின்றிக் கழிந்த பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாளுக்கு மாறுகிறார். நாள்தோறும் பூசும் நிலையை எல்லாத் தோலும் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால், ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பதிலேயே நிலைத்துவிடலாம். பழத்தின் அமிலங்கள் கலந்த களிம்புகளையும் தேய்ப்பான்களையும் இக்காலத்தில் அவர் ஒதுக்கிவைக்கிறார்.

மாதம் ஒருமுறை, ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில் எடுத்த ஒளிப்படமே அவருடைய அளவுகோல். முதல் இரண்டு மாதங்களில் சொரசொரப்பு குறைவது கைக்குத் தெரியலாம். கோடுகளும் திட்டுகளும் மங்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆழ்ந்த மடிப்புகள் அப்படியே இருக்கும்.

பகலில் வெயில்தடுப்புக் களிம்பு இல்லாவிடில் இம்முயற்சி முழுவதும் வீண். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதைப் போதிய அளவில் பூசி, வியர்த்தாலோ வெளியில் நெடுநேரம் நின்றாலோ மீண்டும் பூச வேண்டும். நம் நிலநடுக்கோட்டு வெயில் ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. இரவில் திருத்தியதை அது பகலில் கெடுத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள் எஞ்சியுள்ளன. கருவுற்றவரும் கருவுற எண்ணுவோரும் ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும். நாற்பதுகளிலும் கருத்தரிப்பு நிகழக்கூடும். மற்றொன்று, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ட்ரெட்டினோயின் மருத்துவர் சீட்டுக்குரிய மருந்து. அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்க அனுமதியில்லை. ஆயினும் இணையத்திலும் சிறு கடைகளிலும் விற்கப்படும் வெண்மைக் களிம்புகள் சிலவற்றில் ட்ரெட்டினோயினும், ஹைட்ரோகுவினோனும், சிலவேளை பாதரசமும் கண்டறியப்பட்டு, இரு நாட்டு அதிகாரிகளும் அவற்றைத் தடைசெய்து வந்துள்ளனர். உட்பொருள் பட்டியல் இல்லாத களிம்பு சில நாளில் முகத்தை உரித்துப் பளபளக்கச் செய்தால், அதைத் திறமை என்று எண்ணுவது பிழை. அளவு தெரியாத மருந்து நாள்தோறும் பூசப்படுகிறது என்பதே அதன் பொருள். அக்களிம்பை நிறுத்தி, குப்பியுடன் மருத்துவரிடம் செல்வதே முறை.