ஒரே மடிப்பு, மூன்று நிறம்

இணையக் கடையொன்றில் ஒரே சுடிதார் நீலம், பச்சை, ஊதா என மூன்று நிறங்களில் காட்டப்படுகிறது. மூன்று படங்களிலும் துணியின் மடிப்புகள் இம்மியும் பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தால், படம்பிடிக்கப்பட்டது பெரும்பாலும் ஓர் ஆடைதான். மற்ற நிறங்கள் கணினியில் மாற்றப்பட்டவை. கரும்பச்சை என நினைத்து வாங்கியவருக்குக் கிளிப்பச்சை வந்து சேர்வது இப்படித்தான்.

பிரான்சில் 2017 முதல், விளம்பர மாடல்களின் உடல்வடிவத்தை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படங்களில் 'திருத்தப்பட்ட படம்' என்று குறிப்பிட வேண்டும். ஆனால், அவ்விதி உடலுக்கானது. ஆடையின் நிறத்துக்கு அன்று. ஆடை வாங்குபவருக்கோ, எது மாற்றப்பட்டது என்பதே தெரிய வேண்டும்.

அப்படிக் குறிப்பு இருந்தால் ஆடையைத் திருப்பிக் கொடுக்க முடியாதா? மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். 'கரும்பச்சை' என எழுதிவிட்டுக் கிளிப்பச்சையை அனுப்பிய விற்பனையாளருக்கு, 'படம் திருத்தப்பட்டது' என்ற பொதுவான வரி நல்ல சாக்காகாது. மாறாக, நிறம் மாற்றப்பட்டதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அசல் துணியின் படத்தையும் அவர் சேர்த்திருந்தால், 'நிறம் வேறு' என்னும் புகார் வலுவிழக்கும். பணம் செலுத்துமுன் அப்பக்கத்தைத் திரைப்படமாகச் சேமித்து வைத்தால், பின்னர் விற்பனையாளர் படத்தை மாற்றினாலும் சான்று கையிலிருக்கும்.